வெட்டுப்பட்ட ஓரம்

கேஸ் விலை ஏறியதிலிருந்து, டெலிவரிக்குச் சமைக்கும் அந்தச் சின்னக் கடையில் இரண்டு அடுப்பையும் எரிப்பது கட்டுப்படியாகவில்லை. ஒன்றை நிறுத்தியே ஆக வேண்டும். அண்ணியின் அடுப்பில் நூடுல்ஸும் சூப்பும். கொழுந்தனின் அடுப்பில் சிக்கன் ஃப்ரைட் ரைஸ் மட்டும். எந்த அடுப்பு அணைகிறதோ அந்த ஆள் வெளியே வேலை தேட வேண்டியதுதான். முடிவைச் சொல்ல வேண்டியவள் அண்ணி. யாருக்குத்தான் பிடிக்கும் இந்த வேலை?

மத்தியான ஆர்டர்கள் ஓய்ந்ததும் அண்ணி மாவு மூட்டை மேல் உட்கார்ந்தாள். டெலிவரி ஆப்பின் மாத ரிப்போர்ட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து கொழுந்தன் அனுப்பியிருந்தான். ஆர்டர் போன் அவனிடம்தான். கண் எரிய எரியக் கணக்குப் போட்டாள். வரியோடு சேர்த்து நூற்றுக்கு இருபத்தைந்து கமிஷன்.

ஃப்ரைட் ரைஸ் விலை இருநூறு. கமிஷன் ஐம்பது, பொருளும் டப்பாவும் நூற்றிருபது. மிச்சம் முப்பது. இருநூற்றுப் பத்து ஆர்டருக்கு 6,300. நூடுல்ஸ் நூற்றறுபது, கமிஷன் நாற்பது, செலவு எழுபது, மிச்சம் ஐம்பது. தொண்ணூறு ஆர்டருக்கு 4,500. சூப் நூற்றிருபது, கமிஷன் முப்பது, செலவு முப்பத்தைந்து, மிச்சம் ஐம்பத்தைந்து. அறுபது ஆர்டருக்கு 3,300.

அவளுடைய இரண்டும் சேர்ந்தால் 7,800 என்றாலும், ஒரே பண்டமாகப் பார்த்தால் ஃப்ரைட் ரைஸ்தான் முதலிடம். அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது, அவன் அடுப்பை விட்டுத் தன் அடுப்பைக் கைகாட்ட ஒரு காரணம் கிடைத்ததே என்று. ஆனால் கமிஷன் போக 47,700 வந்திருக்க வேண்டும். பேங்கில் விழுந்தது 39,300. 8,400 எங்கே போனது? இருநூற்றுப் பத்தால் வகுத்தாள். சரியாக நாற்பது வந்தது. ஸ்கிரீன்ஷாட்டின் வலது ஓரத்தைப் பார்த்தாள். கட்டம் பாதியில் நின்றது.

"தம்பி, இந்தப் பக்கம் இன்னொரு கட்டம் இருக்கணுமே?"

அவன் வாணலியைத் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "இருக்கு அண்ணி. நம்ம காசுலருந்து குடுக்கற தள்ளுபடி. ஆர்டருக்கு நாப்பது. நான்தான் போட்டுவிட்டேன். வெட்டிட்டு அனுப்புனதும் நான்தான்."

"தள்ளுபடிக்கு முந்தின விலைக்குத்தான் கமிஷன் எடுக்கறான்னு தெரியாதா?"

"தெரியாது. மாசக் கடைசில அந்தக் கட்டத்தப் பாத்தப்பதான் புரிஞ்சுது."

முப்பதில் நாற்பது போனால் பத்து நஷ்டம். முதலிடம் ஒரே கழித்தலில் கடைசிக்குப் போய்விட்டது. அவளுக்குக் கோபம் வரவில்லை, வருவதற்குத் தெம்பு இல்லை.

"இருநூத்திப் பத்து பேருக்கு வெந்து செத்திருக்கேன்," என்றான் அவன். "ஆளுக்குப் பத்து குடுத்து சாப்பிட வச்சிருக்கோம்."

"தள்ளுபடியை எடுத்துடு. தொண்ணூறு ஆர்டர் வந்தாலும் 2,700 நிக்கும்."

எடுத்தான். இரண்டு மணி நேரம் போன் பக்கத்திலேயே நின்றார்கள். நூடுல்ஸ் நான்கு, சூப் மூன்று. ஃப்ரைட் ரைஸ் ஒன்றுகூட வரவில்லை.

அவன் தன் அடுப்பின் குழாயை மூடினான். ஏப்ரனைக் கழற்றி நான்காக மடித்து, அவள் கையில் கொடுக்கக் கூசி, மேடையில் வைத்தான்.

"அண்ணன்கிட்ட நானாத்தான் போனேன்னு சொல்லிடுங்க அண்ணி."