ஏழாம் கேள்விக்கான விடை

கணக்கு டீச்சர் சாட்பாட்டிடம் எளிதிலிருந்து கடினம்வரை சதவீதக் கணக்கில் பத்துக் கேள்விகளை விடைக்குறிப்போடு கேட்டு வாங்கினார். "போட்டுப் பாத்துட்டுப் புள்ளைங்களுக்குக் குடுங்க" என்று பக்கத்து வகுப்பு சாருக்கும் அனுப்பிவிட்டு, தானும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார்.

ஏழாவதில் குறிப்பு தப்பு. நூறு ரூபாய் விலையை இருபது சதவீதம் ஏற்றி, பிறகு இருபது சதவீதம் குறைத்தால் மறுபடி நூறாம்! நூற்றிருபதில் இருபது சதவீதம் போனால் தொண்ணூற்றாறுதானே?

சாரிடம் ஓடினார். அவர் தன் வகுப்பில் பரீட்சை வைத்து, தாள்களைத் திருத்தியே முடித்திருந்தார். தொண்ணூற்றாறு என்று எழுதிய ஒன்பது பேருக்கும் தப்புக்குறி.

"போட்டுப் பாத்தீங்களா சார்?"

"கம்ப்யூட்டர் தப்பா சொல்லுமா டீச்சர்?"

டீச்சருக்குக் கோபம் தலைக்கேறியது. "சரியா எழுதின புள்ளைங்கள முட்டாளாக்கிட்டீங்களே! எல்லாத் தாளையும் மறுபடி திருத்துங்க. தப்பு உங்களுதுன்னு வகுப்புல நீங்களே சொல்லுங்க."

சார் பேனாவை எடுத்தார். கடைசித் தாள்வரை டீச்சர் நகரவில்லை.