நிலுவையில் ஓர் எருமை

சாங்கோலா மாட்டுச் சந்தையில் யாரும் வாய்விட்டு விலை பேச மாட்டார்கள். துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்துப் பேசுவதுதான் அங்கே வழக்கம். அன்று ஞாயிற்றுக்கிழமை, வெயில் மண்டையைப் பிளந்தது. மங்கல் வாக்மோடேவுக்காகத் துண்டுக்குள் கையை விட்டவன் அவள் கொழுந்தன் நாம்தேவ். எதிர்ப்பக்கம் எருமைக்காரர் சோபான் மானே, கவலையில் கன்னம் ஒட்டிப்போன மனுஷர். நாம்தேவ் விரலை அழுத்துவதும் அவர் தலையை ஆட்டுவதுமாக வெகுநேரம் போயிற்று. கடைசியில் எண்பத்திரண்டாயிரத்து ஐந்நூறுக்கு முடிந்தது.

மங்கல் ஐந்நூறு ரூபாயை அச்சாரமாக அவர் கையில் வைத்தாள். அச்சாரம் வாங்கியவன் அடுத்தவனுக்கு விற்கக்கூடாது. அந்தச் சந்தையில் போலீசுக்குப் பயப்படாதவன்கூட அதற்குப் பயப்படுவான்.

எருமை நல்ல எருமை. கொம்பு முதுகைத் தொடும் அளவுக்கு நீண்ட பண்டர்பூர் இனம், இரண்டாம் ஈத்து. மங்கல் அதன் மடியைத் தொட்டுப் பார்த்தபோது அவளுக்குக் கண் கலங்கியது. கலங்காமல் என்ன செய்யும்? கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து தீபாவளி முடிந்ததும் புருஷனோடு கரும்பு வெட்டக் கிளம்பிவிடுவாள். ஆறு மாதம் கரும்புக்காட்டில் குடிசை, இடுப்பு ஒடிகிற சுமை, வண்டியில் தூக்கம். இந்த வருஷம் போவதில்லை என்று முடிவு கட்டியிருந்தாள். மகள் ரேஷ்மா ஒன்பதாவது படிக்கிறாள். வீட்டில் ஆள் இருந்தால்தான் அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகும். அதற்காகத்தான் மகளிர் குழுவில் கடன், கழுத்துச் சங்கிலி விற்ற காசு, எல்லாம் சேர்ந்து கணக்கில் கிடந்தது.

"ரொக்கமா இல்லையாம்மா?" என்றார் சோபான்.

"இந்தக் காலத்துல யாரு பெரியவரே ரொக்கத்தை மடியில கட்டிக்கிட்டு சந்தைக்கு வருவா? கழுத்தை அறுத்துட்டுப் போயிருவான்" என்றான் நாம்தேவ். பால் டெம்போ ஓட்டுகிறவன். உலகத்தில் அவனுக்குத் தெரியாத விஷயம் என்று ஒன்று கிடையாது, அவன் நினைப்பில்.

சோபான் தன் போனில் கட்டம் போட்ட படத்தைக் காட்டினார். மங்கல் படம் பிடித்து, மீதித் தொகையைப் போட்டு, ரகசிய எண்ணை அழுத்தினாள். திரையில் வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு மஞ்சள் நிறத்தில் ஒரு கடிகாரம் வந்து நின்றது. பெண்டிங்.

அடுத்த நொடியே அவள் வங்கியிலிருந்து செய்தி. எண்பத்திரண்டாயிரம் கழிக்கப்பட்டது.

"எனக்கு வரலையேம்மா" என்றார் சோபான்.

"என் கணக்குல எடுத்துட்டாங்களே, அண்ணே! இங்க பாருங்க!"

"நீ எடுத்ததைப் பாத்து நான் என்ன பண்ண? எனக்கு வந்தாத்தானே கயிறு."

சந்தை வாசலில் வங்கியின் சேவை மையம் என்று ஒரு தகரக் கடை. அதில் பாக்கு மென்றுகொண்டு கணேஷ் டோய்போடே உட்கார்ந்திருந்தான். அன்றைக்கு எத்தனை பேருக்கு இதே பதிலைச் சொல்லியிருப்பானோ, முகத்தில் அலுப்பு அப்பிக் கிடந்தது. மங்கலின் போனையும் சோபானின் போனையும் வாங்கிப் பார்த்தான்.

"உன் பேங்க் காசை எடுத்து அனுப்பிருச்சு அக்கா. இவரோடது ஜில்லா கூட்டுறவு பேங்க். காலையிலேர்ந்து அவங்க சர்வர் படுத்துக் கிடக்கு. வாங்கிக்கிட்டேன்னும் சொல்லல, வாங்கலன்னும் சொல்லல."

"அப்ப காசு எங்க இருக்கு?"

"நடுவுல இருக்கு. ஃபெயில்னு வந்தா உனக்குத் திரும்பும். சக்சஸ்னு வந்தா இவருக்குப் போயிருச்சு. பெண்டிங்னா ரெண்டும் இல்ல. நாளைக்குள்ள அவங்க பேங்க் கணக்குப் பாத்து, ஒண்ணு இவர் கணக்குல வரவு வைக்கணும், இல்லாட்டி திருப்பி அனுப்பணும். தாமதமானா ஒரு நாளைக்கு நூறு ரூவா உனக்கு அவங்க தரணும். அதுவரைக்கும் எதையும் மாத்தாதீங்க. அப்படியே விடுங்க."

நாம்தேவின் காதில் பாதிதான் விழுந்தது. "கேட்டீங்களா அண்ணி? நாளைக்குள்ள திரும்பிரும். திரும்பலைன்னா தினம் நூறு ரூவா வட்டி! நம்மகிட்ட எவன் ஏமாத்த முடியும்?"

"திரும்பலாம்னுதான் சொன்னான்" என்றாள் மங்கல்.

எருமையிடம் திரும்பி வந்தபோது அங்கே அக்லூஜ் வியாபாரி ஒருவன் கட்டுக்கட்டாக ரொக்கத்தோடு நின்றான். எழுபத்தொன்பதாயிரம், இப்பவே, கையில். சோபான் அவனைப் பார்க்கவில்லை. மங்கலையே பார்த்தார்.

"அம்மா, உன் அச்சாரம் என் சட்டைப்பையில இருக்கு. நீ சொல்லாம நான் இவனுக்குக் கயிறு குடுக்க மாட்டேன். ஆனா என் வீட்டுக்காரி மிரஜ் ஆஸ்பத்திரியில கெடக்கா. ராத்திரிக்குள்ள பணம் கட்டினாத்தான் காலையில ஆபரேஷன். நான் என்ன பண்ணட்டும், நீயே சொல்லு."

"எருமை எங்களுக்குன்னு இருக்கட்டும் அண்ணே. நாளைக்கு வரைக்கும்…"

"நாளைக்கு வரைக்கும் அவ இருக்கணுமே, தாயி."

இப்படிக் கேட்டால் எந்தப் பெண்தான் கல்லாக நிற்பாள்? மங்கல் நிற்கவில்லை. நாம்தேவ் வேறு காதுக்குள் குடைந்தான். "விடுங்க அண்ணி. நம்ம காசுதான் திரும்பப்போகுதே. அடுத்த வாரம் இதைவிட நல்ல உருப்படியாப் பிடிப்போம். பாவம், கிழவனைப் போய் தொந்தரவு பண்ணிக்கிட்டு."

மங்கல் கையை நீட்டினாள். சோபான் அந்த ஐந்நூறைத் திருப்பி வைத்தார். அச்சாரத்தை உன் கையால் திரும்ப வாங்கினால் உருப்படி மேல் உனக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அக்லூஜ்காரன் எருமையை லாரியில் ஏற்றினான். அது ஒருமுறை கத்தியது. மங்கல் திரும்பிப் பார்க்காமல் டெம்போவில் ஏறினாள்.

மறுநாள் சாயங்காலம் வரை போனும் கையுமாக இருந்தாள். சோறு வடிக்கும்போதும் அடுப்பு மேடையில் போன். மஞ்சள் கடிகாரம் அசையவில்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் திரை பச்சையானது.

"திரும்பிருச்சாம்மா?" என்று ரேஷ்மா ஓடி வந்தாள். எட்டிப் பார்த்துப் படித்தாள். அவள் முகம் சுருங்கியது. "அம்மா, சக்சஸ்னு போட்டிருக்கு. சோபான் மானே கணக்குல சேர்ந்துருச்சாம்."

அடப்பாவி தெய்வமே! விழக்கூடாத பக்கமாகப் பார்த்து விழுந்துவிட்டது காசு.

சோபான் ஏமாற்றுக்காரர் இல்லை. அதுதான் இதிலே பெரிய கொடுமை. ஏமாற்றுக்காரர் என்றால் வாய் நிறைய வையலாம், மண்ணை வாரித் தூற்றலாம். அவரோ மறுநாள் அவராகவே போன் செய்து, "உன் காசு எனக்கு வந்திருச்சும்மா, எடுத்துத் தர்றேன், வா" என்றார். மங்கல் விடிந்ததும் முதல் பஸ் பிடித்தாள். கூட்டுறவு வங்கிக் கிளை வாசலில் அவர் நின்றுகொண்டிருந்தார், தலையில் கையை வைத்துக்கொண்டு.

"இல்லம்மா. கணக்குல இல்ல."

"என்னது இல்லையா? வந்துச்சுன்னீங்களே!"

"வந்துச்சு. வந்த உடனே எடுத்துக்கிட்டாங்க. பைப்லைன் போட இதே பேங்க்ல வாங்கின பழைய கடன், மூணு வருஷமா கட்டல. சேமிப்புக் கணக்கு வேற, கடன் கணக்கு வேறன்னுல்ல நெனச்சுக்கிட்டிருந்தேன். அதுல எப்பவும் நூறு எறநூறுதான் கெடக்கும், ஒருத்தனும் தொட்டதில்ல."

உள்ளே மேலாளர் குல்கர்ணி மரியாதையாகத்தான் பேசினார். மரியாதையாகப் பேசுகிறவரிடம் சண்டை போடவும் வழியில்லை.

"ஞாயித்துக்கிழமை எங்க சர்வர் பதில் சொல்லல, அது நெஜம். ஆனா வங்கிகளுக்குள்ள தீர்வுக் கணக்கு போடறப்போ அந்தத் தொகை எங்களுக்கு வந்து சேர்ந்திருச்சு. இன்னார் கணக்குக்குன்னு வந்த காசு, அதனால வரவு வெச்சோம். கணக்கு மூடியிருந்தாத்தான் உங்களுக்குத் திருப்பியிருப்போம்."

"அது என் காசு சார். எருமைக்குக் குடுத்த காசு. எருமை என்கிட்ட இல்லையே!"

"எருமை எங்க கணக்குல வராதேம்மா. நீங்க அனுப்பினீங்க, அவருக்குச் சேர்ந்துச்சு. இனிமே அது அவர் உங்களுக்குத் தர வேண்டிய காசு."

"அவரு கடனுக்கு என் காசை எடுப்பீங்களா?"

"அவர் கணக்குல விழுந்ததும் அது அவர் காசாயிடுதும்மா. பாக்கி இருந்தா கம்ப்யூட்டர் தானா எடுத்துக்கும். நான் கை வெக்கல."

"அந்த நூறு ரூவா? தாமதத்துக்குத் தருவீங்களாமே?"

கேட்ட பிறகு அவளுக்கே வெட்கமாக இருந்தது. எண்பத்திரண்டாயிரம் போன இடத்தில் நூறு ரூபாய்க்குக் கை நீட்டுகிறாளே என்று.

"மறுநாளே வரவு வெச்சிட்டோமே. தாமதமே இல்ல" என்றார் மேலாளர். புகார் எழுத ஒரு விலாசமும் தந்தார். அவள் வங்கிக்கும் போன் போட்டார். அங்கேயும் அதே பதில்: பரிவர்த்தனை வெற்றி, பெற்றவரை அணுகவும்.

பெற்றவர் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். அக்லூஜ்காரன் தந்த ரொக்கம் மொத்தமும் மிரஜில் கட்டியாயிற்று.

"அவங்க எப்படி இருக்காங்க?" என்று மங்கல் கேட்டாள். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"பிழைச்சுக்கிட்டா. மாசம் ரெண்டாயிரமாவது உனக்குத் தந்திடறேன் தாயி. என் பிள்ளைங்க மேல சத்தியம்."

அவர் தருவார் என்று அவள் நம்பினாள். அவரிடம் மாசம் இரண்டாயிரம் இருக்காது என்பதையும் அவர் செருப்பைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். குழுக் கடன் தவணை பத்தாம் தேதி. பின்னால் வந்து சேர்ந்த நாம்தேவ் தன் தப்பை ஒப்புக்கொள்ள வந்தான். அவன் பிறந்ததிலிருந்து அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

"அண்ணி, நான்தான்…"

"வாயை மூடு. அச்சாரத்தைத் திரும்ப வாங்கினது என் கை."

பஸ் நிலையத்தில் நின்றபடியே கரும்பு வெட்ட ஆள் சேர்க்கும் மேஸ்திரிக்குப் போன் போட்டாள். புருஷனிடம் கேட்கவில்லை. கேட்டால் அவர் அழுவார், அதைத் தாங்க அவளுக்கு அப்போது தெம்பு இல்லை.

"என்ன மங்கல், இந்த வருஷம் எருமை வாங்கி சேட்டம்மா ஆகப்போறேன்னு சொன்னாங்களே!" என்று மேஸ்திரி சிரித்தான்.

"முன்பணம் வேணும் மேஸ்திரி. ஒன்றரை லட்சம். குழுக் கடனையும் அடைக்கணும், ஆறு மாசம் வயிறும் கழுவணும்."

"ஏ, அவ்வளவு எப்படி? புருஷன் பொஞ்சாதி ஜோடி சேர்ந்தாத்தான் ஒரு அரிவாள். ஒரு அரிவாளுக்கு ஒரு லட்சம், அதுக்கு மேல பைசா கெடையாது. தனி ஆளு அரை அரிவாள், அதுக்கு அம்பதாயிரம். உங்க ரெண்டு பேரு கூட இன்னொரு ஆளு வருதா?"

பஸ் ஒன்று வந்து நின்று, புழுதியைக் கிளப்பிவிட்டுப் போயிற்று. மங்கல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஒன்றரை அரிவாள்னு எழுதிக்க. ரேஷ்மாவும் வருவா."