இடத்தில் கிடைக்கும் மெல்லிய பொருள்

குழியைத் தோண்டும் முன்பே தீர்ப்பை எழுதிக்கொண்டு வந்திருந்தார், கேபிள் பாதைக்குப் படம் போட்ட எஞ்சினியர் தியாகராசன். மடிக்கணினியில் தயாராக இருந்தது அறிக்கை. அரிசி ஆலைக்கு மண்ணுக்கடியில் போகும் கேபிள் எரிந்ததற்குக் காரணம், கேபிளின் இரு துண்டுகளை இணைக்கும் ஜாயிண்டைச் சரியாகப் போடாதது. ஜாயிண்ட் போட்டவர் செல்லதுரை. அவ்வளவுதான். தேதியும் கையெழுத்தும்தான் பாக்கி.

அந்த அறிக்கை போக வேண்டிய இடத்துக்குப் போனால், இருபத்தாறு வருஷமாகச் செல்லதுரை சட்டைப்பையில் வைத்திருக்கும் ஜாயிண்டர் சான்று ரத்தாகும். அப்புறம் ஒருத்தனும் அவரைக் கேபிள் பக்கம் விடமாட்டான். பூதலூரிலிருந்து வலங்கைமான் வரை அவர் போட்ட ஜாயிண்ட் ஒன்றுகூட இன்றுவரை வாயைத் திறந்ததில்லை. அதைப் போய் இந்த ஆள், நேற்றுவரை பாபநாசத்தில் இறங்கி எந்தப் பக்கம் நடப்பது என்று கேட்டுக்கொண்டிருந்த ஆள், ஒரு வரியில் துடைத்துவிடப் பார்க்கிறார்.

"மெஷின் நாப்பது மீட்டர்ல பழுதுன்னு காட்டுது. உங்க ஜாயிண்ட் நாப்பத்து மூணுல. இதுல பேச என்னப்பா இருக்கு?" என்றார் தியாகராசன். சித்திரை வெயிலில் அவருக்கு மட்டும் ஒருவர் குடை பிடித்துக்கொண்டிருந்தார்.

"மூணு மீட்டர் வித்தியாசம் இருக்குங்க சார்," என்றார் செல்லதுரை.

"மெஷின்ல அந்த அளவுக்கு முன்னப்பின்ன வரும்."

"உங்க கணக்குல வராதா சார்?"

குடை பிடித்தவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். ஆலை முதலாளி துரைராசுவுக்குச் சிரிப்பு வரவில்லை. சம்பா நெல் மலையாகக் குவிந்து கிடக்கிறது, உலர்த்திகள் நான்கு நாளாக நிற்கின்றன. "யாரு தப்போ அப்புறம் பாக்கலாம். மொதல்ல தோண்டுங்க," என்றார்.

மண்வேலை மலர்க்கொடியின் குழு. குழாய் பதித்தபோது பள்ளம் வெட்டி மூடியதும் அவர்கள்தான். எட்டு பேர், இரண்டு கடப்பாரை, மீதி மண்வெட்டி. மேல்மண் வெடித்துப் பாளம் பாளமாகக் கிடந்தது. மார்கழியில் கால் வைத்தால் முழங்கால்வரை உள்வாங்கிய அதே களி, வாய்க்காலை அடைத்து மூன்று மாதத்தில் செங்கல்லாகிவிட்டது.

தோண்டத் தோண்ட, தியாகராசன் தன் கணக்கை முதலாளிக்கு விளக்க ஆரம்பித்தார். செல்லதுரை கேட்காதவர் போல நின்று ஒவ்வொரு எழுத்தையும் கேட்டார்.

டிரான்ஸ்பார்மரிலிருந்து ஆலைக்கு நான்கு கேபிள், நான்கு குழாய்க்குள். குழாய்க்குள் கிடக்கும் இந்தக் கேபிள் தனியாக இருந்தால் முந்நூற்று நாற்பது ஆம்பியர் தாங்கும் என்று கம்பெனி அட்டவணை சொல்கிறது. ஆனால் கேபிள் ஓடும்போது சூடாகும், அந்தச் சூட்டைச் சுற்றியிருக்கும் மண்தான் வாங்கிக்கொண்டு போக வேண்டும். அட்டவணை நினைத்திருக்கும் மண்ணைவிட இந்த மண் சூட்டை நன்றாகக் கடத்துகிறது, அதன் வெப்பத்தடை எண் ஒன்றரைக்குப் பதில் ஒன்று. அதனால் ஒன்று புள்ளி ஒன்று இரண்டால் பெருக்கிக்கொள்ளலாம். பக்கத்துக் கேபிளின் சூடும் சேருவதால் இடைவெளிக்காக புள்ளி எட்டு ஐந்தால் பெருக்கிக் குறைக்க வேண்டும். முடிவில் முந்நூற்று இருபத்து மூன்று. ஒரு கேபிளில் போவது இருநூற்று எண்பத்தெட்டுதான். "பாருங்க, கைவசம் மிச்சமே இருக்கு. அப்ப ஜாயிண்ட்தானே?"

"மண்ணை எப்ப சோதிச்சீங்க சார்?" என்று கேட்டார் செல்லதுரை.

"டிசம்பர்ல. ஏன்?"

"அப்ப இங்க மடை வழியா தண்ணி நின்னுச்சு. ஈரக்களி சூட்டைக் கடத்தத்தான் செய்யும். இப்ப பாருங்க, வெடிப்புல என் கை போகுது. இதோட எண் ரெண்டரைக்குக் கொறையாது. உங்க அட்டவணையிலயே அதுக்கு புள்ளி எட்டு ஆறுன்னு இருக்கும். கோடைன்னு ஒண்ணு வரும்னு யாரும் உங்ககிட்ட சொல்லலியா?"

"அட்டவணையெல்லாம் உங்களுக்கு எப்படி..."

"கேபிள் டிரம்மோட வர்ற புத்தகம் சார். சும்மா சுண்டல் மடிக்கவா குடுக்கறாங்க?"

தியாகராசன் முகம் சுருங்கியது. படித்தவன் கணக்குப் போட்டால் அறிவு, கருவி பிடிப்பவன் போட்டால் அதிகப்பிரசங்கித்தனம். அந்த முகத்தில் அது அப்படியே எழுதியிருந்தது. செல்லதுரைக்கு வயிறு குளிர்ந்தது. இந்த மாதிரி ஆட்களை அவர் வாழ்நாள் முழுக்கப் பார்த்திருக்கிறார். அளவுகோலை எடுத்துப் பள்ளத்தின் குறுக்கே நீட்டினார்.

"எழுபத்தஞ்சு சென்டிமீட்டர். உங்க படத்துல போட்ட அகலம். புள்ளி எட்டு அஞ்சு வேணும்னா குழாய்க்குக் குழாய் நடுவுல இருந்து நடுவுக்கு நாப்பது இருக்கணும். பதினஞ்சு சென்டிமீட்டர் குழாய் நாலுக்கு அப்படிப் பாத்தா நூத்து முப்பத்தஞ்சு வருது. எழுபத்தஞ்சுல எப்படி சார் அடைச்சீங்க?"

பள்ளத்துக்குள் குழாய்கள் தெரிய ஆரம்பித்திருந்தன. நான்கும் ஒன்றோடொன்று ஒட்டிப் படுத்திருந்தன, பேருந்தில் மூன்று பேர் இருக்கையில் நான்கு பேர் உட்கார்ந்தது போல. ஒட்டிக் கிடந்தால் புள்ளி ஏழு ஐந்துதான். செல்லதுரை குச்சியை எடுத்துத் தரையில் பெருக்கினார். முந்நூற்று நாற்பது, புள்ளி ஏழு ஐந்து, புள்ளி எட்டு ஆறு. இருநூற்றுப் பத்தொன்பது வந்தது.

"இருநூத்துப் பத்தொம்போது தாங்குற கேபிள்ல இருநூத்து எண்பத்தெட்டு விட்டிருக்கீங்க மொதலாளி. இவரு எக்ஸெல் தாங்கும். கேபிள் தாங்காது."

துரைராசு தரையில் கிடந்த எண்களையும் தியாகராசனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஜாயிண்டைத் தொறங்க. அதுல தெரிஞ்சிடும்," என்றார் தியாகராசன். குரலில் பழைய கெத்து இல்லை.

ஜாயிண்ட் குழியைத் திறந்தார்கள். உள்ளே சலித்த ஆற்று மணல், அதன் நடுவே ஜாயிண்ட். செல்லதுரை துணியால் துடைத்தார். ஒரு கறுப்பு இல்லை, ஒரு வீக்கம் இல்லை. கல்யாண வீட்டுத் தாம்பாளம் மாதிரி இருந்தது. "பாத்துக்குங்க," என்றார். அந்த ஒரு சொல்லிலேயே தியாகராசனின் நாலு வருஷப் படிப்பைக் காறித் துப்பிவிட்ட திருப்தி அவருக்கு.

மலர்க்கொடியின் ஆட்கள் மூன்று மீட்டர் தள்ளி இன்னும் இறங்கினார்கள். மண்வெட்டி ஓசையில்லாமல் உள்ளே போனது. வெளியே வந்தது மண் இல்லை. சாம்பல். ஆலைக் கொதிகலனில் உமி எரித்து வருகிற சாம்பல், காய்ந்து பூப்போல, குழாய்களைச் சுற்றித் தலையணை அடைத்த மாதிரி அடைத்திருந்தது. நடுவில் இருந்த குழாய் ஒன்று உருகி வளைந்திருந்தது, அதன் உள்ளே கேபிள் கரியாகியிருந்தது.

தியாகராசனுக்கு உயிர் வந்தது. "சாம்பலா! யார் போட்டது இதை? எந்த முட்டாள்? சாம்பல் சூட்டை விடுமா? இதுக்கு அட்டவணையில எண்ணே கிடையாது. மொதலாளி, பாத்தீங்களா, என் கணக்குல ஒரு தப்பும் இல்ல, குழியை மூடினவங்க செஞ்ச வேலை!"

மலர்க்கொடி மேலே ஏறி வந்தாள். இடுப்பிலிருந்த பையிலிருந்து மடித்த தாளை எடுத்து விரித்தாள். பள்ளத்தின் படம். ஓரத்தில் கூலியாட்களுக்காகத் தமிழில் குறிப்பு. பத்தாவது வரை படித்தவள், நிறுத்தி நிறுத்தி வாசித்தாள்.

"'குழாய்களைச் சுற்றி, இடத்தில் கிடைக்கும் கல்லில்லாத மெல்லிய பொருளைக் கொண்டு நிரப்பவும்.' உங்க கையெழுத்துதானே சார்? இது அரிசி ஆலை. இங்க கல்லு இல்லாம மெல்லிசா கெடைக்கறது சாம்பல் மட்டுந்தான். மணல்னு எழுதியிருந்தா மணல் கேட்டு வாங்கியிருப்போம். சாம்பல் மூடினா தணல் விடியறவரைக்கும் அணையாதுன்னு எங்க வீட்டுப் புள்ளைக்குக்கூடத் தெரியும். நீங்க பெரிய எஞ்சினியரு, தெரிஞ்சுதான் எழுதியிருப்பீங்கன்னு நெனைச்சோம்."

துரைராசு சிரித்தே விட்டார். செல்லதுரையும் சிரிக்க வாயெடுத்தார்.

அதற்குள் மலர்க்கொடி செல்லதுரை பக்கம் திரும்பியிருந்தாள்.

"அண்ணே, அன்னிக்கு நாங்க சாம்பல் கொட்டறப்ப நீங்க இங்கதானே இருந்தீங்க? சாக்குல எடுத்துட்டு வர்றதைப் பாத்தீங்களே. உங்க ஜாயிண்ட் குழிக்கு மட்டும் 'இதுல சாம்பல் போடாதே, நான் மணல் வச்சிருக்கேன்'னு சொன்னீங்களே."

பார்த்தார்தான். தை மாதம், காலை பத்து மணி. சாக்கு சாக்காகச் சாம்பல் போனது. மணல் இல்லையே என்று நெஞ்சில் ஒரு நொடி உறுத்தியது. பிறகு எஞ்சினியர் படம் போட்டிருக்கார், எஞ்சினியரே அனுபவிக்கட்டும் என்று நினைத்தார். நினைத்தது மட்டுமா, உள்ளுக்குள் ரசித்தார். நடுக்கம் இல்லாமல் ஜாயிண்ட் போட்டு முடித்து, தன் குழிக்குத் தன் மணலைக் கொட்டி, கையைக் கழுவிக்கொண்டு போனார். அப்போது மண்ணோடு சாம்பலும் ஈரமாக இருந்ததால் கேபிள் மூன்று மாதம் ஓடியது. காய்ந்ததும் எரிந்தது.

தியாகராசன் அதற்குள் மடிக்கணினியைத் திறந்துவிட்டார். குரல் வெல்லமாகியிருந்தது. "செல்லதுரை சார், உங்க ஜாயிண்ட் நல்லா இருக்கு, நானே எழுதறேன். 'மண்வேலைக் குழு தகுதியற்ற பொருளால் நிரப்பியதே காரணம்.' சாட்சியா நீங்க ஒரு கையெழுத்துப் போடுங்க. உங்க சான்றுக்கு ஒரு கீறல் விழாது."

முதல் தடவையாக 'சார்' போட்டார். செல்லதுரை காதில் அது அசிங்கமாக விழுந்தது.

அலுவலக அறையில் அறிக்கை அச்சாகி வந்தது. செல்லதுரை பேனாவை வாங்கி மண்வேலைக் குழு என்ற வரியைக் குறுக்கே அடித்தார். கீழே, தன் கோணல் எழுத்தில், அழுத்தி எழுதினார். மண் எண் ஈரத்தில் எடுத்தது. இடைவெளி படத்திலேயே இல்லை. சாம்பல் போடும்படியான குறிப்பு படத்தில் உள்ளது. ஒரு மூச்சு விட்டு இன்னொரு வரி சேர்த்தார். சாம்பல் போடுவதை ஜாயிண்டர் செல்லதுரை நேரில் பார்த்தார், தடுக்கவில்லை.

"பைத்தியமா உங்களுக்கு? இதை இப்படியே அனுப்பினா உங்க சான்றைத்தான் மொதல்ல கேப்பாங்க," என்றார் தியாகராசன்.

"கேக்கட்டும்."

கையெழுத்துப் போட்டுத் தாளை மேசையில் வைத்தார். கதவோரம் நின்ற மலர்க்கொடி எட்டி எடுத்தாள். கடைசி வரியை இரண்டு தடவை படித்தாள். செல்லதுரை ஒரு நல்ல வார்த்தையை எதிர்பார்த்துத்தான் நின்றார்.

"இதை அன்னிக்கே வாயால சொல்லியிருந்தா ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காதேண்ணே," என்று சொல்லிவிட்டு, தாளை முதலாளி கையில் கொடுத்தாள்.