காப்பிக் கிட்டங்கிக்கு ஒரு மெயின் சுவிட்ச்

ராக்கம்மா அனுப்பிய கடிதத்தில் நயமாகக் கேட்ட ஒரு சொல்கூட இல்லை. இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த பாலம்மாவைச் சுவர்ப் பிளக்கின் கரண்ட் இழுத்துப் போட்டது, கை இன்னும் மரத்துக் கிடக்கிறது, நீங்கள் வந்து பார்க்கும்வரை இஸ்திரி பிளக்கைத் தொட மாட்டோம், ஆனால் கடையைக் காலிபண்ணவும் மாட்டோம் என்று எழுதி, கீழே பெயரை அழுத்தமாகக் கிறுக்கியிருந்தாள்.

கைரியா அதை இரண்டு தடவை வாசித்தாள். வாசித்துவிட்டு மூத்த சகோதரன் முஹ்ஸின் நானாவுக்குப் போன் எடுத்தாள்.

கண்டி டவுனில், ரயில் நிலையத்துக்குப் போகும் ஒழுங்கையில் இருந்த அந்தக் கட்டடம் காப்பிக் காலத்தில் மூட்டை அடுக்கக் கட்டிய கிட்டங்கி. காப்பியை நோய் தின்றபிறகு அது பல கை மாறி, கடைசியில் கைரியாவின் வாப்பா கைக்கு வந்தது. கல்யாணத்தின்போது அவர் அதை மகளின் பெயருக்கு எழுதிக் கொடுத்தார். சுவரெல்லாம் முழங்கை நீளத் தடிப்பு. மின்சாரம் பின்னால் வந்தது. வந்தவர்கள் எல்லாம் சுவரில் ஆணி அடித்து வயர் இழுத்துவிட்டுப் போனார்கள். கீழ்த்தட்டில் ராக்கம்மாவின் தையல் கடை. ஹேவாஹெட்ட பக்கத்துத் தோட்டங்களில் இருந்து பெண்பிள்ளைகளைக் கூட்டிவந்து பள்ளிக்கூட யூனிஃபோர்ம் தைத்துக் கொடுக்கிறாள். மேல்தட்டு காலி.

கட்டடம் கைரியாவுடையது என்றாலும் நடப்பைப் பார்த்தது முஹ்ஸின் நானாதான். புருஷன் மௌத்தாகி அவள் தனித்த நாளிலிருந்து அப்படியே ஓடியது. சாவி, வாடகை, கூரை ஒழுக்கு எல்லாம் அவர் பொறுப்பு. இப்போதும் அவர் போனில் சொன்னது ஒன்றுதான்: தையல்காரிகள் ஒரே பிளக்கில் நாலு இஸ்திரி குத்துவார்கள், அடி விழாமல் என்ன செய்யும், நீ பதில் போடாதே.

அவள் அடுத்த நாளே தானே போனாள்.

ராக்கம்மா வாசலில் நின்று உள்ளே விட்டாள், ஆனால் உட்காரக் கதிரை கொண்டுவந்து போடச் சொல்லவில்லை. சுவரைக் காட்டினாள். பழுப்பேறிய வயர் ஒன்று கூரையிலிருந்து இறங்கி, பிளக்கடியில் நாடா சுற்றியிருந்தது. நாடா இளகித் தொங்கியது. பாலம்மா மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்து இடது கையை மடியில் வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒங்க நானாகிட்ட மூணு தடவ வாயால சொன்னேன் கைரியாம்மா," என்றாள் ராக்கம்மா. "இந்தத் தடவ எழுதிட்டேன். நாங்க எங்கயும் போறதா இல்ல."

கைரியா தலையசைத்தாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது, அந்த வெட்கம் கொஞ்சநேரத்தில் கோபமாக மாறியது. வீட்டுக்குப் போகும் வழியிலேயே மின் பொறியியலாளர் ராஜலிங்கத்தின் அலுவலகத்தில் இறங்கி, வந்து பரிசோதித்து எழுத்தில் தரச் சொன்னாள். நானா இதைக் கேட்டு முணுமுணுத்தார், என்றாலும் ஏதோ ஒரு வயரை மாற்றச் சொல்லிவிட்டுப் போவான் என்று நினைத்து சாவியைக் கொடுத்தார்.

ராஜலிங்கம் உதவிக்கு ஒரு ஆளோடு வந்தார். மாடிப்படிக்கு அடியில் இருந்த மரக்கதவைத் திறந்து, மெயின் சுவிட்சை இறக்கி, மெஷின், மின்விசிறி, பல்பு எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத் தன் கருவியைக் கோத்து அளந்தார். பிறகு கூரைக்குள் ஏறினார். இறங்கியபோது கையில் ரப்பர் தூள் ஒட்டியிருந்தது.

றிப்போர்ட் சில நாளில் வந்தது. பழைய ரப்பர் வயர்களின் மேலுறை உடைந்து உதிர்கிறது. கரண்ட் கசியாமல் தடுக்கும் காப்புத்தடை இருக்கவேண்டிய அளவில் ஒரு சின்னப் பங்குகூட இல்லை. எர்த் வயர் பிளக்குவரை வருகிறது, ஆனால் மறுமுனை எதிலும் சேரவில்லை. ஃபியூஸில் உரிய கம்பிக்குப் பதில் தடித்த செம்புக் கம்பி. எல்லாவற்றிலும் பெரியது, கரண்ட் கசிந்தால் தானே விழுந்து காக்கும் ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுகிறது என்று யாரோ அதைச் சுற்றி நேராக வயர் கொடுத்திருக்கிறார்கள். அது போர்டில் சும்மா அலங்காரத்துக்கு இருக்கிறது. இஸ்திரி பிளக்குக்குப் போகும் இணைப்பை அன்றைக்கே துண்டித்துவிட்டதாகவும், மற்றதையும் முழுதாக மாற்றும்வரை பாவிப்பது ஆபத்து என்றும் எழுதியிருந்தார்.

அந்த றிப்போர்ட்டைப் பார்த்ததும் முஹ்ஸின் நானாவின் முகம் சந்தோஷத்தில் வெளித்தது. கைரியா எதிர்பார்த்தது அதையல்ல.

மறுநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு அவர் மாவில்மடையில் இருந்த அவள் வீட்டுக்கு வந்தார். தட்டச்சு அடித்த ஒரு கடிதத்தை மேசையில் வைத்தார். கட்டடம் மனிதர் இருக்கத் தகுதியற்றது என்று பொறியியலாளரே சொல்லிவிட்டதால், உங்கள் பாதுகாப்பைக் கருதி மாத முடிவுக்குள் காலிசெய்து தரவும் என்று அதில் இருந்தது. கீழே அவள் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. கொழும்பில் ஒரு ஹோட்டல்காரர் அந்த இடத்தைக் கேட்கிறார், ஆள் இல்லாத கட்டடமாக வேண்டும், வழக்குப் போட்டு அவர்களை எழுப்ப வருஷக்கணக்காகும், அல்லாஹ்வே வழி காட்டியிருக்கிறான் என்றெல்லாம் அவர் விளக்கினார். இரண்டு பேருக்கும் நல்லது என்றார்.

"கட்டடம் இருக்கத் தகாதுன்டு அவர் எழுதல்லியே," என்றாள் கைரியா. "வயரிங்கைத்தானே எழுதினார்."

"ரெண்டும் ஒன்டுதான்."

"ஒன்டில்ல நானா. வயரை மாத்தலாம்."

மாற்றலாம்தான், ஆனால் மாற்றுவதாக எழுதினால் குற்றத்தை ஒப்புக்கொண்டது போலாகிவிடும் என்றார் அவர். அந்தப் பெண் கையைக் காட்டி நஷ்டஈடு கேட்டால் உன் கையெழுத்தே உனக்கு எதிராக நிற்கும். வக்கீல் ஹபீலும் அப்படித்தான் சொன்னார், ஒன்றையும் ஒப்புக்கொண்டு எழுதாதே என்று. ஆகக் கடைசியாக, பெரஹரா முடியட்டும் பார்ப்போம் என்று வாயால் சொல்லி இழுத்துவிடு என்றார். எசல பெரஹரா ஊர்வலத்துக்கு டவுன் முழுக்கச் சனம் நிற்கும். அது முடிந்தால் வேறு சாட்டு கிடைக்கும்.

கைரியா அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை எதிரில் இருந்தாள். பிறகு அவர் கொண்டுவந்த கடிதத்தை இரண்டாக மடித்து அவர் பக்கமே தள்ளிவிட்டு, அலுமாரியைத் திறந்து வெள்ளைத் தாள் எடுத்தாள். வாழ்க்கையில் அவள் எழுதிய முதல் உத்தியோகக் கடிதம் அது. அவர் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே எழுதினாள்.

*திருமதி ராக்கம்மா அவர்களுக்கு,*

*உங்கள் கடிதம் கிடைத்தது. நீங்கள் எழுதியது உண்மை. பொறியியலாளர் ராஜலிங்கம் பரிசோதித்துத் தந்த றிப்போர்ட்டின் பிரதியை இத்துடன் வைத்திருக்கிறேன். வயர்கள் பழுதடைந்ததையும், எர்த் இல்லாததையும், ஃபியூஸும் ட்ரிப் சுவிட்சும் வேலை செய்யாததையும் ஏற்றுக்கொள்கிறேன். இவை என் பொறுப்பு, உங்கள் பாவனையால் வந்தவையல்ல.*

*ஜூலை 19, சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வேலை தொடங்கும். பழைய வயர் முழுவதையும் கழற்றி, குழாய்க்குள் புது வயர் இழுத்து, புது போர்டும் ட்ரிப் சுவிட்சும் எர்த் கம்பியும் போடுவார்கள். சனியும் ஞாயிறும் மின்சாரம் இராது. முடிந்தபின் ராஜலிங்கம் திரும்பவும் பரிசோதித்து எழுத்தில் தருவார். செலவு என்னுடையது. அதுவரை மெயின் சுவிட்சைப் போடவேண்டாம். தையலையும் இஸ்திரியையும் என் வீட்டு ஹோலில் செய்யலாம். பாலம்மாவின் வைத்தியச் செலவையும் நானே பார்ப்பேன்.*

*நீங்கள் காலிசெய்யத் தேவையில்லை.*

கடைசி வரியை எழுதும்போது பேனை தாளில் குத்தியது. கையெழுத்து வைத்தாள்.

"இதைக் குடுத்தா அந்தக் கட்டட வேலைக்கு என்னைக் கூப்பிடாதே," என்றார் முஹ்ஸின்.

"கூப்பிடல்ல நானா."

அவர் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவள் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. கையிலேயே கொண்டுபோய்க் கொடுத்து, பிரதியில் ராக்கம்மாவின் கையெழுத்தை வாங்கிக்கொண்டாள். ராக்கம்மா அதை மெல்ல வாசித்தாள். அந்தத் தடவை கதிரை வந்தது.

அடுத்த கிழமை முழுவதும் மாவில்மடை வீட்டு ஹோலில் மெஷின்கள் ஓடின. நானாவின் மனைவி றமீஸா மதினி போன் எடுத்து, ஊர் சிரிக்கிறது என்றாள். சிரிக்கட்டும் என்று சொல்லி கைரியா போனை வைத்தாள்.

சனிக்கிழமை எட்டு மணிக்கு ராஜலிங்கம் அனுப்பிய எலக்ட்ரீஷியன் இருளப்பனும் இரண்டு ஆட்களும் வயர் சுருளோடு வந்து நின்றார்கள். மாடிப்படி அடிக்கதவில் ஒரு புதுப் பூட்டு தொங்கியது. உள்ளேதான் மெயின் சுவிட்சும் போர்டும். கைரியா நானாவுக்குப் போன் எடுத்தாள், அடித்துக்கொண்டே இருந்தது, அவர் எடுக்கவில்லை. அவருடைய கடைக்கு ஆளனுப்பினாள், நாவலப்பிட்டிக்குப் போய்விட்டார், திங்கள்தான் வருவார் என்றார்கள்.

இருளப்பன் தலையைச் சொறிந்தார். தம்மால் பூட்டில் கை வைக்க முடியாது, பிறகு பொலிஸ் வந்தால் தம்மைத்தான் பிடிப்பார்கள் என்றார். ராக்கம்மா வாசற்படியில் நின்று கைரியாவையே பார்த்தாள். எழுத்தில் தந்த நாள் அது. ஒரு நாள் தள்ளிப்போனால் பெரஹரா வந்துவிடும், பிறகு வேறொன்று வரும், கடைசியில் நானா சொன்னதே நடக்கும் என்பது கைரியாவுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"சுத்தியல் ஒன்டு தாங்க," என்றாள்.

முக்காட்டை இழுத்துக் கழுத்தில் இறுக்கிச் சுற்றிக்கொண்டாள். முதல் அடி கதவில் விழுந்தது. இரண்டாவது விரலை உரசிக்கொண்டு போனது. ஒழுங்கையில் போன ஆட்கள் நின்றார்கள். எதிர்க்கடை ஜமால்தீன் வெளியே வந்து, என்ன தாத்தா இது என்று அவளை அக்கா முறைவைத்துக் கேட்டார். என்ட கட்டடம், என்ட பூட்டு என்று சொல்லிவிட்டு அவள் மறுபடியும் ஓங்கினாள். பூட்டு அசையவில்லை, கொண்டி பிடுங்கிக்கொண்டு வந்தது.

இருளப்பன் உள்ளே போய் மெயின் சுவிட்ச் இறங்கியிருப்பதைப் பார்த்தார், டெஸ்டர் வைத்துக் கரண்ட் இல்லை என்று உறுதிசெய்தார், பிறகுதான் ஆட்களை ஏறச் சொன்னார். பகலுக்குள் கூரையிலிருந்து பழைய வயர் கட்டுக்கட்டாக இறங்கியது. அதோடு ஒரு பலகைத் துண்டும் வந்தது. பாலம்மாவின் மெஷினுக்கு நேர் மேலே இருந்த பலகை. வயர் ஓடிய தடம் நெடுகக் கரியாகியிருந்தது. இருளப்பன் நகத்தால் சுரண்டினார், கரி ஆழமாகப் போனது.

கைரியா அந்தப் பலகையை ஒரு பையில் போட்டு நானாவின் வீட்டுக்கு அனுப்பினாள். கூட ஒரு வார்த்தையும் சொல்லி அனுப்பவில்லை.

ஞாயிறு மாலை ராஜலிங்கம் வந்து அளந்தார். காப்புத்தடை சரி, எர்த் சரி. புது ட்ரிப் சுவிட்சில் இருந்த சின்னப் பொத்தானை அமுக்கிக் காட்டினார், சட்டென்று விழுந்தது. மாதத்துக்கு ஒருமுறை இப்படி அமுக்கிப் பார்க்கவேண்டும், விழாவிட்டால் உடனே சொல்லவேண்டும் என்று ராக்கம்மாவிடம் விளக்கினார்.

செவ்வாய்க்கிழமை முஹ்ஸின் வந்தார். கைரியா அப்போது கடையில்தான் இருந்தாள். ஸலாம் சொன்னார், அவளும் பதில் சொன்னாள். அவர் பிடுங்கிய கொண்டியின் ஓட்டைகளைப் பார்த்தார், உள்ளே போய்ப் புது போர்டை வெகுநேரம் பார்த்தார். பிறகு அந்தச் சின்னப் பொத்தானை அமுக்கினார். மெஷின்கள் எல்லாம் ஒரேயடியாக நின்றன. மின்விசிறி மெல்லச் சுழன்று ஓய்ந்தது. பெண்பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அத மேல தள்ளுங்க அய்யா," என்றாள் ராக்கம்மா, துணியிலிருந்து கண்ணை எடுக்காமல். "வேல கெடக்கு."

முஹ்ஸின் சுவிட்சைத் தூக்கிவிட்டார். மெஷின்கள் மறுபடியும் ஓடத் தொடங்கின. கொழும்புக்காரரிடம் இல்லை என்று சொல்லிவிட்டேன் என்றார், யாரிடம் என்று இல்லாமல். கைரியா சரி என்றாள். மன்னிப்பை அவர் கேட்கவில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை. கட்டடத்தின் மற்றச் சாவிகளையும் தந்துவிட்டுப் போகச் சொன்னாள். அவர் கொஞ்சம் தயங்கி, வளையத்தோடு கழற்றி வெட்டுமேசையில் வைத்தார்.