பேரிங்

பொன்னழகு உண்மையைத்தான் சொன்னார். காரியம் கெட்டது அதனாலல்ல. சோலைமலைக்கு அது தெரியும். அவனைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

ரெட்டியார்சத்திரம் போகும் சாலையில் இருந்த அந்த நூல் மில்லில் சோலைமலை கொள்முதல் குமாஸ்தா. பொன்னழகு மெசின்களைக் கழற்றி மாட்டும் பிட்டர். பழைய ஹெட் பிட்டர் ஓய்வுக்குப் போக இருந்தார். அடுத்தது பொன்னழகுதான் என்று முதலாளியே வாய்விட்டுச் சொல்லியிருந்தார். பொன்னழகின் மனைவி முனீஸ்வரி அதை நம்பி மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிட்டாள்.

அந்த வருஷம் மில்லுக்கு ஜெர்மனியிலிருந்து ஸ்பிண்டில் இன்சர்ட்டுகள் வந்தன. நூல் சுற்றும் ஸ்பிண்டில் நின்று சுழல்வது அந்தக் குழாய்க்குள்தான். குழாயின் கழுத்தில் ஒரு சின்ன பேரிங், அடியில் ஒரு கிண்ணம், சுற்றிலும் அதிர்வைத் தாங்கும் சுருள், எண்ணெய். எல்லாம் சேர்ந்ததுதான் இன்சர்ட். ஆனால் மில்லில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. ஸ்பிண்டில் ஆட்டம் கண்டால் "பேரிங் போச்சு" என்பார்கள். முழுக் குழாயையும் கழற்றி வீசுவார்கள். முதலாளிக்கும் அது பேரிங்தான். கேட்லாக்கைப் புரட்டிப் பார்க்காமல், காதில் விழுந்த பேச்சை அப்படியே ஆங்கிலமாக்கி ஆர்டர் அனுப்பியவன் சோலைமலை. கேட்டவன் என்ன பெயரில் கேட்டானோ அதே பெயரை ஜெர்மன்காரன் இன்வாய்ஸில் போட்டு அனுப்பிவிட்டான்.

தூத்துக்குடியில் மில்லுக்காகச் சரக்கை இறக்கித் தரும் கிளியரிங் ஏஜெண்ட் காமராஜ் டெலிபோனில் கத்தினார்.

"என்ன சார் இது, பேரிங்குன்னு போட்டிருக்கு? மில் மெசின் பாகம்னாத்தான் வரி கம்மி. பேரிங்குக்கு வரிப் பட்டியல்ல தனித் தலைப்பு இருக்கு, தெரியும்ல? தனித் தலைப்பு உள்ள சாமான எந்த மெசினுல மாட்டுனாலும் அதோட தலைப்புக்குத்தான் போகும். ரெண்டு மடங்குக்கு மேல தீட்டிருவாங்க."

"பேருதான சார் தப்பு. சாமானப் பாத்தா தெரியாதா?"

"அவங்க சாமானையும் பாப்பாங்க, பேரையும் பாப்பாங்க. கம்பெனிக்காரன்ட்ட ஒரு திருத்தக் கடுதாசி வாங்குங்க. இன்னைக்கே தந்தி அடிங்க."

சோலைமலை தந்தி அடிக்கவில்லை. அடித்தால் மேனேஜரிடம் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால் ஆர்டரை எழுதியது யார் என்று வரும். அதற்குப் பதிலாக ஒரு யோசனை செய்தான். சுங்க அலுவலகத்தில் நேரில் விசாரணைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பொன்னழகையும் கூட்டிக்கொண்டு போனால் அவர் இன்சர்ட்டைக் கழற்றிக் காட்டுவார், பெயர் தானாகவே அடிபட்டுப் போகும். யோசனை நல்லதாகத்தான் பட்டது. கோழைக்கு வரும் யோசனைகள் எல்லாமே நல்லதாகத்தான் படும்.

பஸ்ஸில் பொன்னழகு ஜன்னலோரம் உட்கார்ந்து சட்டையை நீவி நீவி விட்டுக்கொண்டே வந்தார். புதுச் சட்டை.

"நான் என்ன சொல்லணும் சோலை?"

"கேக்குறதுக்குப் பதில் சொல்லுங்கண்ணே. அம்புட்டுத்தான்."

இன்சர்ட் என்று சொல்லுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால், ஏன் என்று கேட்பார். பொன்னழகு ஏன் என்று கேட்காமல் எதையும் செய்ய மாட்டார். சோலைமலை விருதுநகர் தாண்டும்வரை தூங்குவதுபோலக் கண்ணை மூடிக்கொண்டிருந்தான்.

சுங்க அலுவலகத்தில் உதவி கலெக்டர் மரியாதையான மனிதர். முதலில் மதிப்பை எடுத்தார். சரக்கின் விலையோடு கப்பல் கூலியும் காப்பீடும் சேர்ந்ததுதான் மதிப்பு. வரி அதன் மேல்தான் விழும். கூலிக்கு ரசீது இல்லை என்றால் விலையில் ஐந்தில் ஒரு பங்கைக் கூலியாக அவர்களே சேர்த்துவிடுவார்கள். சோலைமலை கப்பல் கம்பெனி ரசீதையும் காப்பீட்டுத் தாளையும் எடுத்து நீட்டினான். உண்மையான கூலி அந்த ஐந்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. அதிகாரி தலையாட்டி ஏற்றுக்கொண்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த காமராஜ் மேசைக்கு அடியில் அவன் முழங்காலைத் தட்டினார். அந்த ஒரு நிமிஷம் சோலைமலைக்குத் தன்னைப் பற்றிப் பெருமையாகக்கூட இருந்தது.

"மதிப்புல எனக்கு ஒண்ணும் இல்ல. பேருலதான் தகராறு" என்றார் அதிகாரி. மேசையிலிருந்த மாதிரியைப் பொன்னழகின் பக்கம் தள்ளினார். "நீங்கதான் இத மாட்டுறவரா? இதுக்கு உங்க மில்லுல என்ன பேரு?"

பொன்னழகு அதைக் கையில் எடுத்து, தெரிந்த மாட்டைத் தடவுவதுபோல ஒரு தடவு தடவினார்.

"பேரிங்குங்க."

காமராஜ் இருமினார்.

"ஆனா வெறும் பேரிங் இல்லைங்கய்யா" என்று பொன்னழகு தொடர்ந்தார். "பேரிங் இந்தா, கழுத்துல மட்டும்தான் இருக்கு. கீழ கிண்ணம், சுத்தி சுருளு. இத வேற எந்த மெசினுலயும் மாட்ட முடியாது. பேசறப்ப நாங்க சுருக்கிப் பேரிங்குன்னுருவோம்."

அதிகாரி கவனமாகக் கேட்டார். பிறகு கேட்லாக்கையும் இன்வாய்ஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"இவர் சொல்றது எனக்குப் புரியுது. மில் பேச்சு வேற. ஆனா இத செஞ்ச கம்பெனியே கேட்லாக்ல இன்சர்ட்னும் இன்வாய்ஸ்ல பேரிங்னும் போட்டிருக்கானே. விக்கிறப்ப அவனே பேரிங்னுதான் விக்கிறானா? இல்ல, நீங்க அப்படிக் கேட்டு எழுதுனதாலயா?"

கேள்வி சோலைமலைக்கு. அறையில் மின்விசிறி சுற்றியது. ஒரே வரி போதும். எங்கள் மில் பேச்சை நான்தான் ஆர்டரில் எழுதிவிட்டேன் சார். பொன்னழகு அவனைத் திரும்பிப் பார்த்தார், உதவியாக ஏதோ சொல்லப்போகிறான் என்ற முகத்தோடு.

"அவங்களா போட்டதுதான் சார்" என்றான் சோலைமலை.

அதிகாரி பேனாவை எடுத்தார். விற்பவன் சந்தையில் பேரிங் என்கிறான், வாங்குபவனும் பேரிங் என்கிறான். அப்படியானால் அது பேரிங்தான். உத்தரவு பேரிங் தலைப்பின் கீழ் வந்தது. ஸ்பிண்டில்கள் நின்றுகிடந்ததால் முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு முழு வரியையும் கட்டிச் சரக்கை எடுத்தார்.

திரும்பிய மறுநாள் முதலாளி பொன்னழகைக் கூப்பிட்டார். சோலைமலையும் அங்கே நின்றான்.

"ஒன்னைய யாருய்யா அங்க வாயத் தொறக்கச் சொன்னது? பேரிங்காம் பேரிங்கு. அதிகாரி முன்னால ஒரு சாமான் பேரு ஒழுங்காச் சொல்லத் தெரியாதவன ஹெட் பிட்டராக்கி நான் என்ன பண்ண?"

வெளியே வந்ததும் பொன்னழகு சோலைமலையின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மன்னிச்சுக்கப்பா. நீ ரசீதெல்லாம் காட்டி அம்புட்டு நல்லாக் கொண்டுபோன. எம் புத்தி, கடைசியில கெடுத்துப்புட்டேன்."

"விடுங்கண்ணே" என்றான் சோலைமலை. மன்னித்தான். அதுதான் எல்லாவற்றையும்விட அசிங்கம்.

மில்லில் பட்டப்பெயர் உடனே ஒட்டிக்கொண்டது. "ஏலே, பேரிங்கு வாராரு, வழி விடு" என்று நூல் நூற்கும் ரிங் பிரேம் மெசின்களில் வேலை செய்யும் பையன்கள் சிரித்தார்கள். பொன்னழகும் சேர்ந்து சிரித்தார்.

மூன்று மாதத்துக்குள் அப்பீல் போகலாம் என்று காமராஜ் சொல்லியனுப்பினார். இன்வாய்ஸில் அந்தப் பெயர் எப்படி வந்தது என்று காட்ட முடிந்தால் ஜெயிக்கலாம், கட்டிய வரியும் திரும்பி வரும், இல்லாவிட்டால் வீண் செலவு என்றார். முதலாளி சோலைமலையைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"நீதான் கூட இருந்தவன். அப்பீல்ல ஜெயிக்க வழி இருக்கா? இருந்தா சொல்லு. அந்தாளு மேலயும் கோவத்துல கொஞ்சம் அதிகமாப் பேசிப்புட்டேன். நல்ல வேலைக்காரந்தான்."

ஜன்னலுக்கு வெளியே பொன்னழகு புதுச் சரக்கைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்றவனுக்கு ஒன்றைத் தூக்கிக் காட்டி, பள்ளிக்கூடப் பிள்ளைபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: "இன்…சர்ட்டு. பேரிங்குன்னு சொல்லப்படாது, என்ன?"

"வழி இல்லைங்க முதலாளி" என்றான் சோலைமலை.

அடுத்த வாரம் கோயம்புத்தூரிலிருந்து புது ஹெட் பிட்டர் வந்து சேர்ந்தார். முதல் நாளே பிரேமில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "பேரிங் போச்சுங்களே" என்றார். யாரும் சிரிக்கவில்லை. பொன்னழகு குனிந்து அதைக் கழற்றத் தொடங்கினார்.