மாதம் முந்நூறு ரூபாய்

செவ்வாய்க்கிழமை சூசைமாணிக்கத்தின் போன் வெங்காய லாரியின் சக்கரத்தில் நசுங்கியது. சிம் மட்டும் பிழைத்தது. அன்று மாலை, தான் கணக்கெழுதும் வெங்காய மண்டியின் போனிலிருந்து மகனுக்குத் தகவல் சொன்னார்.

மகன் ஆண்டனிராஜ் புனேயில் இருக்கிறான். அதற்கு முன் இருவரும் கடைசியாகப் பேசியது ஈஸ்டர் அன்று. இப்போது ஆகஸ்ட். சண்டை ஒன்றும் இல்லை. பேசுவதற்கு எதுவும் இல்லாமல் போயிருந்தது, அவ்வளவுதான். அவன் அம்மா இருந்தவரை அவள்தான் பேசினாள். இவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்.

"நல்ல போனா வாங்குங்கப்பா. முன்பணம் நீங்க கட்டுங்க, தவணையை நான் மாசாமாசம் அனுப்பிடுறேன்" என்றான். "அனுப்பிட்டு ஒரு போன் பண்ணிச் சொல்றேன்."

மேட்டுப்பட்டி வீட்டில் அன்று இரவு தனியாகச் சாப்பிடும்போது அந்தக் கடைசி வாக்கியத்தை மறுபடி மறுபடி நினைத்துக்கொண்டார். மண்டியில் எல்லாரும் எட்டு மாதத் தவணையில்தான் போன் வாங்கியிருந்தார்கள்; எட்டு மாதம் என்றால் எட்டு முறை பேசுவான். ஏப்ரல் வரை ஒவ்வொரு மாதமும் ஒரு நாள் நிச்சயம். அதற்காகவே தவணையில் வாங்குவது என்று முடிவு செய்தார்.

வியாழக்கிழமை மத்தியானம் மண்டியில் ஏலம் முடிந்ததும் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலிருந்த செல்போன் கடைக்குப் போனார். கடையின் மூலையில் ஒரு சின்ன மேஜை. தவணைக் கம்பெனியின் ஆளாக ஷாஹினா அங்கே உட்கார்ந்திருந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். அவளுக்குப் பின்னால் 'வட்டி இல்லை' என்று சிவப்பு எழுத்தில் அட்டை.

"பதினெட்டாயிரம் ரூபா போன்யா. முன்பணம் ஆறாயிரம். மாசம் ஆயிரத்து ஐநூறு, எட்டு மாசம். ஒரு பைசா வட்டி கிடையாது" என்றாள்.

"வட்டி இல்லாம ஒங்க கம்பெனி எப்படிம்மா சோறு திங்குது?"

அவள் சிரித்தாள். "ஃபைல் சார்ஜ் அறுநூத்தம்பது, தவணைக் கார்டுக்கு ஐநூத்தம்பது. இன்னைக்கே கட்டணும்."

"ஆக இன்னைக்கு ஏழாயிரத்து இருநூறு."

"ஆமாய்யா."

அவ்வளவோடு நிறுத்தியிருக்கலாம். முப்பத்தொரு வருடப் பழக்கம் விடவில்லை. மண்டியில் ஒரு விவசாயி மூட்டையை இறக்கினால், விலையை எல்லாரும் பார்ப்பார்கள்; இறக்குகூலி, சாக்கு, தரகு எல்லாம் போகக் கையில் என்ன நிற்கும் என்று பார்ப்பது சூசைமாணிக்கத்தின் வேலை. அவருடைய சீட்டை விவசாயிகள் கூட்டிப் பார்க்காமலே மடித்து மடியில் வைப்பார்கள்.

"முழுசா கட்டுனா என்ன விலை?"

ஷாஹினா கடைக்காரர் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "ஆயிரத்து இருநூறு தள்ளுபடி. பதினாறாயிரத்து எண்ணூறு. தவணைக்கு அந்தத் தள்ளுபடி கிடையாது."

மேஜையில் கிடந்த விளம்பரத் தாளைத் திருப்பிப் போட்டு எழுத ஆரம்பித்தார். தவணையில் மொத்தம் பத்தொன்பதாயிரத்து இருநூறு. முழுசாகக் கட்டினால் பதினாறாயிரத்து எண்ணூறு. வித்தியாசம் இரண்டாயிரத்து நானூறு. எட்டால் வகுத்தால் மாதம் முந்நூறு.

"பதினெட்டாயிரத்துக்கு இது பெருசா தெரியாதுய்யா" என்றாள் ஷாஹினா.

"பதினெட்டாயிரத்துக்கு ஏம்மா பாக்கணும்? போனோட வெல பதினாறாயிரத்து எண்ணூறு. ஏழாயிரத்து இருநூறை இன்னைக்கே வாங்கிக்கிட்டீங்க. நீங்க குடுக்குற கடன் ஒம்பதாயிரத்து அறுநூறுதான். அதுக்குப் பன்னெண்டாயிரம் திருப்பிக் கட்டணும்."

மறுபடி எழுதினார். ஒன்பதாயிரத்து அறுநூறுக்கு மாதம் நூற்றுக்கு அஞ்சு வட்டி போட்டு, மாதம் ஆயிரத்து ஐநூறு கழித்து, மீதிக்கு மறுபடி அஞ்சு வட்டி போட்டு, இப்படியே எட்டு வரி இறங்கினார். கடைசி மாதம் பாக்கி ஆயிரத்து முந்நூற்று அறுபதுதான் வந்தது. கேட்பதோ ஆயிரத்து ஐநூறு.

"அஞ்சு வட்டிக்கும் மேல போகுது. கந்துவட்டிக்காரன் தோத்தான்."

"அட்டையை நான் எழுதலைய்யா" என்றாள் அவள். கோபமில்லை. "வர்றவங்க மாசம் எம்புட்டுன்னு மட்டும்தான் கேப்பாங்க. கையில மொத்தமா இல்லாதவங்களுக்கு அதுதானே கணக்கு. நீங்க ரொக்கமா வாங்கிக்கிறீங்களா?"

"இல்ல. தவணைதான்."

அவள் அந்தத் தாளையும் அவரையும் பார்த்தாள். "இம்புட்டு எழுதிட்டுமா?"

அவர் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். மாதம் முந்நூறு ரூபாய். எட்டு முறை மகன் பேசுவதற்கு அது அதிகமா என்று தனக்குள் கேட்டுக்கொண்டார். அதிகமில்லை. ஆனால் தாளை இன்னொரு முறை பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. ஏழாயிரத்து இருநூறு எப்படி வாங்கினாலும் தன் பங்கு. மீதி முழுவதும் மகன் தருவது. அந்த முந்நூறு தன் பையிலிருந்து போகவில்லை.

மின்விசிறி தாளின் ஓரத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டது.

"சிம்மைக் குடுங்கய்யா, ஓடிபி வரணும்." ஷாஹினா அதை வாங்கிக் கடையின் பழைய போன் ஒன்றில் போட்டாள். ஆதார் எண்ணை அடித்தாள். ஓடிபி வருவதற்குள் அழைப்பு வந்தது. ஆண்டனிராஜ்.

"அப்பா, நேத்துல இருந்து அடிக்கிறேன், போகவே இல்ல. வாங்கிட்டீங்களா?"

"கடையிலதான்பா இருக்கேன். சாப்டியா?"

"சாப்டேன். தவணை எம்புட்டு?"

"ஆயிரத்து ஐநூறு. எட்டு மாசம்."

"சரி. வட்டி இல்லைல்ல?"

இல்லை என்று சொல்லலாம். அட்டையிலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது. எதிரே ஷாஹினா விசைப்பலகையில் கை வைத்தபடி காத்திருந்தாள். போனில் பின்னணியில் யாரோ இந்தியில் பேசுவது கேட்டது.

"அப்பா? இருக்கீங்களா?"

"ரெண்டாயிரத்து நானூறு கூட ஆகுதுப்பா" என்றார். "முழுசா கட்டுனா இன்னும் ஒம்பதாயிரத்து அறுநூறு போதும். தவணைன்னா நீ பன்னெண்டாயிரம் குடுக்கணும்."

"அப்புறம் எதுக்குப்பா தவணை? நீங்க கணக்குப் பாத்தா சரியாத்தான் இருக்கும். கடைக்காரர் நம்பரைச் சொல்லுங்க, இப்பவே போட்டுவிடுறேன்."

அவர் போனை ஷாஹினாவிடம் நீட்டினார். அவள் கடையின் எண்ணைச் சொன்னாள். ஒரு நிமிடத்தில் கல்லாவில் இருந்த பெட்டி, ஒன்பதாயிரத்து அறுநூறு வந்துவிட்டதாகச் சத்தமாக அறிவித்தது.

"வந்துருச்சாப்பா? நல்லவேளை, மாசாமாசம் ஞாபகம் வச்சுக்கிற வேலை மிச்சம். வச்சிடவா? கூப்புடுறாங்க."

"வைப்பா."

ஏழாயிரத்து இருநூறை எண்ணிக் கடைக்காரரிடம் கொடுத்தார். கடைக்காரர் ரசீது போட்டார். ஷாஹினா பாதி நிரப்பிய விண்ணப்பத்தைத் திரையிலிருந்து அழித்தாள். அவளுக்கு அன்றைக்கு ஒரு தவணைக் கணக்கு குறைந்தது. புதுப் போனில் சிம்மைப் போட்டு அவர் கையில் வைத்தாள்.

"யாருக்காவது போட்டுப் பாருங்கய்யா. பேச்சு சரியா கேக்குதான்னு."

அவர் திரையைப் பார்த்தார். மகனிடம் இப்போதுதான் பேசினார். மறுபடி கூப்பிட்டால் என்ன சொல்வது? மண்டியில் எல்லாரும் தூங்கும் நேரம்.

"ஒன் நம்பரைச் சொல்லும்மா."

அவள் சொன்னாள். அவர் ஒவ்வொரு எண்ணாக அழுத்தினார். மேஜைக்கு அந்தப் பக்கம் அவள் போன் ஒலித்தது. எடுத்துக் காதில் வைத்தாள்.

"ஹலோ" என்றார்.

"கேக்குதுய்யா. சொல்லுங்க."

அவர் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. வெளியே வத்தலக்குண்டு பஸ்ஸுக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவளும் வைக்காமல் இருந்தாள்.

"ஒண்ணுமில்லம்மா" என்றார். "சாப்டியா?"