ஒட்டு மடிப்புக்குள் மூன்று வரி

அந்த ஆய்வுக்கூடத்தில் அவளை எல்லோரும் லேபிள் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். முந்நூறு குடும்பங்கள் தாங்கள் சாப்பிடுவதையெல்லாம் ஆறு வாரம் கைபேசியில் படமெடுத்து அனுப்பும். பாக்கெட்டின் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் பெரிதாக்கிப் படித்து, ஒன்றிலிருந்து நான்கு வரை எண் போடுவது அவள் வேலை. ஒன்று என்றால் முட்டை, கிழங்கு மாதிரி இருந்தபடியே இருப்பது. நான்கு என்றால் ஆலையிலேயே பிறந்து வளர்ந்தது.

நான்கைக் கண்டுபிடிக்க, முன்பக்கத்தில் சிரிக்கும் கோதுமைக் கதிரைப் பார்க்கக் கூடாது. அதற்கு வெட்கமே கிடையாது. பின்னால்தான் குட்டு உடையும். எண்ணெயையும் நீரையும் பிரியாமல் பிடித்து வைக்கும் பால்மமாக்கி, 322, 471 என்று எண்ணைப் போர்த்திக்கொண்டு நிற்கும். சுவைகூட்டி 621, 627, 631. மாற்றியமைத்த மாவுப்பொருள் 1422, 1442. வீட்டு அடுப்படியில் யாரும் டப்பாவில் வைத்திராத சரக்கு இதெல்லாம். ஒன்று இருந்தாலே நான்கு. ஆனால் எண்ணைக் கண்டவுடனே பாயவும் கூடாது. அமிலத்தன்மையைச் சீராக்கும் 500, 501 மட்டும் இருந்தால் அது நான்காகிவிடாது. இந்த நெளிவு சுளிவெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

கணவர் போய் மூன்று வருஷம். மகன் தூர தேசத்தில், ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு, "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டு, பதில் முடிவதற்குள் அவசரமாக வைத்துவிடுவான். மற்ற ஆறு நாளும் அவளிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. அதனால்தான் இருநூற்றுப் பதினாலாம் வீடு அவளுக்கு அப்படி ஒட்டிக்கொண்டது.

அங்கே ஒரே ஒரு ஆள். எழுபதைத் தாண்டிய பெரியவர். மூன்றாவது வாரம், படத்தோடு வரும் குறிப்புப் பெட்டியில் எழுதியிருந்தார்: "இதைப் பார்க்கிறவங்களுக்கு. அம்மாவா ஐயாவா தெரியலை. பாக்கெட் சாப்பாட்டைக் குறைங்கன்னு டாக்டர் சொல்லிட்டார். எதைக் குறைக்கிறதுன்னு சொல்லலை. கடைக்குப் போறதெல்லாம் என் வீட்டுக்காரிதான். அவ இப்ப இல்ல. எதை வெச்சுக் கண்டுபிடிக்கிறது?"

பதில் சொல்லக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த அன்றே கையெழுத்து வாங்கியிருந்தார்கள். சனங்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்ப்பதுதான் ஆய்வு. நாமே சொல்லிக் கொடுத்தால் அவர்கள் சாப்பாடு மாறிவிடும், கணக்கு கெட்டுவிடும். பதில் பெட்டி, 'படம் தெளிவில்லை, மறுபடி அனுப்பவும்' என்று கேட்பதற்கு மட்டும்தான்.

இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள், காலை உணவுத் தானிய டப்பா படத்தின் கீழே, "அம்மாவோ ஐயாவோ, கோவிச்சுக்காதீங்க, தொந்தரவு பண்ணலை" என்று வந்தது. அவள் பதில் பெட்டியைத் திறந்தாள். எழுதினாள்: "அம்மாதான், ஐயா. பின்பக்கத்தைப் பாருங்க. பால்மமாக்கி, சுவைகூட்டி, மாற்றியமைத்த மாவுப்பொருள், இதுல ஒண்ணு இருந்தாலும் அதை வாங்காம விட்டுடுங்க. இந்த டப்பாவுல 471 இருக்கு பாருங்க."

அதன்பிறகு பெரியவர் பிடித்துக்கொண்டார். பென்சிலால் வட்டம் போட்டே படம் அனுப்பினார். "அம்மா, சூப் பொடியில 1422 சிக்கிடுச்சு. திருடனைப் பிடிச்ச மாதிரி இருக்கு." "அம்மா, அப்பளப் பாக்கெட்ல 500ன்னு ஒண்ணு. இது யார் கட்சி?" அவள் பதில் போட்டாள். தினம் நாலு மணிக்குப் படம் வரும். மூன்றரைக்கே அவள் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொள்வாள். ஐம்பத்தாறு வயதில் இது என்ன பைத்தியக்காரத்தனம் என்று தன்னையே திட்டிக்கொண்டு, திறந்துதான் வைப்பாள்.

ஐந்தாம் வாரம் வந்தது வினை. அகலமான ஒரு நூடுல்ஸ் பாக்கெட். கோதுமை மாவு, உப்பு, 500, 501. அவ்வளவுதான் இருக்கிறது என்று முதல் வாரமே அவள் பார்த்து, நான்கு இல்லை என்று முத்திரை குத்திய சரக்கு. ஒரு முறை எண் போட்டால் போதும். அதே பட்டைக்கோடு எந்த வீட்டிலிருந்து வந்தாலும் கணினி தானாக அதே எண்ணைப் போட்டுக்கொள்ளும். பெரியவரோ பாக்கெட்டின் முதுகு ஒட்டைக் கத்தரிக்கோலால் பிரித்து, மேசையில் தட்டையாக விரித்துப் படமெடுத்திருந்தார். ஒட்டு மடிப்புக்குள் இன்னும் மூன்று வரி. உள்ளே போடும் மசாலாப் பொட்டலத்தின் பட்டியல். மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற ஆலை மாவுச் சரக்கு, சுவைகூட்டி 627, 631.

"அம்மா, இங்க ஒளிஞ்சிருக்காங்க" என்று எழுதியிருந்தார்.

அந்தப் பட்டைக்கோடு எத்தனை வீட்டில் என்று தேடினாள். முப்பத்தெட்டு. முப்பத்தெட்டு வீட்டுக் கணக்கும் அவள் கையால் பிசகியிருக்கிறது. மடிப்பைப் பிரித்துக் காட்டச் சொல்லி ஒரு வீட்டையாவது கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

திருத்தப் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு: பிழை தெரியவந்தது எப்படி? 'மறுபார்வையில்' என்று ஒரு சொல் எழுதினால் பூசி மெழுகிவிடலாம். யாரும் தோண்ட மாட்டார்கள். நாளையும் நாலு மணிக்குப் படம் வரும். உள்ளதை எழுதினால் அவர் குறிப்புகளைத் திறப்பார்கள்; அவள் பதில்கள் தெரியும்; இருநூற்றுப் பதினாலை எடுத்துவிடுவார்கள். அவள் சொல்லிக் கொடுத்துச் சாப்பாட்டை மாற்றிக்கொண்டவர் கணக்கில் இருப்பதும் பொய்தான் என்பதும் அவளுக்குத் தெரியாததில்லை. தெரிந்தேதான் இரண்டு வாரம் ஓட்டியிருந்தாள்.

மறுநாள் மத்தியானச் சாப்பாட்டுக்கும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாள். மற்றவன் மறைத்த மூன்று வரிக்கு இத்தனை கோபப்படுகிறவள், தன் வரியை மடிப்புக்குள் தள்ளினால் நாளைக்கு எந்த முகத்தோடு பாக்கெட்டைப் படிப்பது? உள்ளதை எழுதினாள்.

மேற்பார்வையாளன் அவள் மகனைவிடச் சின்னவன். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தணிந்த குரலில்தான் பேசினான்.

"அக்கா, உங்களை வேலையை விட்டு எடுக்க மாட்டாங்க. நானே பேசிட்டேன். ஆனா அந்த வீட்டை வெச்சுக்க முடியாது."

"தெரியும்."

"பதில் பெட்டியை இப்பவே மூடிட்டேன். அவர் அனுப்புறது அஞ்சு மணி வரைக்கும் வரும். அப்புறம் பக்கமே இருக்காது. பங்கெடுத்ததுக்கு நன்றின்னு கம்ப்யூட்டரே ஒரு வரி அனுப்பிடும்."

"ஒரே ஒரு வரி நான் எழுதிக்கட்டுமா?"

அவன் தரையைப் பார்த்தான். "அதுக்குத்தானே அக்கா மூடினது."

அவன் போனபின் முப்பத்தெட்டு வீடுகளையும் ஒவ்வொன்றாகத் திருத்தினாள். நாலு மணிக்கு எதுவும் வரவில்லை. நாலரைக்கும் இல்லை. அலுவலகத்தில் பாதி பேர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். ஐந்துக்குச் சில நிமிஷம் இருக்கையில் படம் வந்தது.

ஒரு தட்டு. தோலோடு வேகவைத்த இரண்டு கிழங்கு, ஒழுங்கில்லாமல் உரித்த ஒரு முட்டை, ஓரத்தில் உப்பு. தட்டுக்குப் பக்கத்தில் அவர் கை கொஞ்சம் தெரிந்தது.

"அம்மா, இன்னைக்கு நானே அடுப்பைப் பத்த வெச்சேன். அவ போனதுக்கப்புறம் இதுதான் முதல் தடவை. அதான் நேரமாயிடுச்சு. இதுல படிக்கிறதுக்கு ஒண்ணுமே இல்ல. இது எத்தனாம் நம்பர்? நீங்க சொன்னப்புறம் சாப்பிடறேன்."

விசைப்பலகையில் 1 என்ற எண்ணை அழுத்தினாள். எதிலும் விழவில்லை. மறுபடி அழுத்தினாள். மணி ஐந்தானது, பக்கம் வெள்ளையானது. அவர் அங்கே சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.